ஒரு நிமிடப் பொருள் விளம்பரக் காணொளிக்கான ஸ்டோரிபோர்டு

ஸ்டோரிபோர்டு (கதைப்பலகை) என்பது, ஒரு காணொளியில் வரப்போகும் ஒவ்வொரு ஷாட்டையும் படப்பிடிப்புக்கு முன்பே வரிசையாகப் படமாக வரைந்து, அதனருகில் நேரம், ஒலி, பேச்சு, தேவையான பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் திட்டத்தாள் ஆகும். ஒரு பொருளை விற்பதற்கான ஒரு நிமிடக் காணொளியில் மொத்தம் 60 நொடிகளே உள்ளன. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைக் கேமராவை எடுத்த பின் முடிவு செய்தால் நாளும் பணமும் வீணாகும். அந்த முடிவுகளைக் காகிதத்திலேயே எடுத்துவிடுவதுதான் ஸ்டோரிபோர்டின் வேலை.

இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தின் முந்திரிப்பருப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய ஸ்டோரிபோர்டு எழுதும் முறையை விளக்குகிறது. பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழில் பரவலாக நடக்கிறது. அங்குள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழு, 250 கிராம் முழுப்பருப்புப் பாக்கெட்டைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் விற்க ஒரு நிமிடக் காணொளி எடுப்பதாக இங்கே வைத்துக்கொள்ளப்படுகிறது.

== வரலாறு ==

ஸ்டோரிபோர்டு இன்றைய வடிவில் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் உருவானது. கார்ட்டூன் படக் காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி வைத்து, வேண்டாததைப் பிடுங்கியும் இடம் மாற்றியும் கதையைச் சரிசெய்தனர். பலகை என்ற பெயர் அதனால் வந்தது. இந்தியாவில் சத்யஜித் ராய் 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு முழுமையான திரைக்கதை எழுதாமல், காட்சிகளைப் படங்களாக வரைந்தே திட்டமிட்டார். அப்போது அவர் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி வந்தார்.

ஸ்டோரிபோர்டுக்கு ஓவியத் திறமை தேவையில்லை. வட்டம் தலை, கோடு கை, சதுரம் பாக்கெட் என்று குச்சிப் படமாக வரைந்தாலும் போதும். பொருள் சட்டகத்துக்குள் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது ஆகிய மூன்றும் படத்தைப் பார்த்ததும் புரிய வேண்டும்.

== ஒரே கருத்தைத் தேர்ந்தெடுத்தல் ==

வரையத் தொடங்கும் முன், காணொளி சொல்லப்போகும் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். முந்திரியைப் பற்றிச் சொல்லப் பல செய்திகள் உண்டு. சுவை, சத்து, பண்ருட்டி மண், பெண்களின் உழைப்பு, விலை என்று அனைத்தையும் சேர்த்தால் 60 நொடிகளில் எதுவும் பார்ப்பவர் மனத்தில் நிற்காது.

சந்தையில் முந்திரிப்பருப்பின் விலையை முதன்மையாகத் தீர்மானிப்பது, அது முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்பதே. முழுப்பருப்பு அளவைக் கொண்டு தரம் பிரிக்கப்படுகிறது. டபிள்யூ 240 என்ற தரம், ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) எடையில் அதிக அளவாக 240 பருப்புகள் இருப்பதைக் குறிக்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாக இருக்கும். ஆகவே இந்தக் காணொளிக்கான வாக்கியம் இவ்வாறு அமைகிறது: 'இந்தப் பாக்கெட்டில் உள்ள பருப்பு உடையாத முழுப்பருப்பு, அதனால் நெய்யில் ஒரே சீராக வறுபடும்.'

இந்த வாக்கியத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. முழுப்பருப்பும் உடைந்த துண்டுகளும் கலந்து நெய்யில் விழுந்தால், முழுப்பருப்பு பொன்னிறமாகும் முன்பே சிறு துண்டுகள் கருகிவிடும். பாயசம் வைத்த எவருக்கும் இது தெரியும். சொல்லால் மட்டும் நிறுவ வேண்டிய கருத்தைவிட, இப்படிப் படத்தால் நிறுவக்கூடிய கருத்தே ஒரு நிமிடக் காணொளிக்கு ஏற்றது.

== சட்டகத்தின் வடிவம் ==

காணொளி கைபேசியில் நிமிர்ந்த வடிவில் (9:16) ஓடப்போகிறதா, தொலைக்காட்சி போல் படுத்த வடிவில் (16:9) ஓடப்போகிறதா என்பதை முதல் கட்டம் வரையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்காக எடுத்ததை மற்றொன்றுக்கு வெட்டினால் முக்கியமான பொருள் விளிம்பில் அறுபடும்.

முந்திரி எடுத்துக்காட்டில், தரம் பிரிக்கும் மேசையில் உடைந்த பருப்பு ஒரு குவியலாகவும் முழுப்பருப்பு ஒரு குவியலாகவும் இருக்கும். படுத்த சட்டகத்தில் இவை இடமும் வலமுமாக அழகாக அமையும். நிமிர்ந்த சட்டகத்தில் இரண்டும் நெருக்கியடித்துச் சிறிதாகத் தெரியும். எனவே நிமிர்ந்த வடிவுக்கு, கேமராவை மேசைக்கு நேர் மேலே வைத்து, ஒரு குவியலை மேலும் மற்றொன்றைக் கீழும் வைத்து வரைய வேண்டும். காகிதத்தில் 4.5 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள கட்டங்களை வரைந்துகொண்டால் 9:16 விகிதம் சரியாக வரும்.

== ஷாட் வரிசையும் நேரமும் ==

ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக நான்கு நொடி என்று கொண்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 15 ஷாட்கள் அடங்கும். கை செய்யும் வேலையைப் பார்ப்பவர் புரிந்துகொள்ள வேண்டிய ஷாட்டுக்கு ஐந்து அல்லது ஆறு நொடி கொடுக்கலாம். ஒரு பொருளை அடையாளம் காட்டினால் போதும் என்ற ஷாட்டுக்கு மூன்று நொடி போதும்.

முந்திரிக் காணொளியின் முதல் வரைவில் 15 ஷாட்கள் இருந்து, நேரத்தைக் கூட்டினால் 64 நொடி வருவதாகக் கொள்வோம். நான்கு நொடியைக் குறைக்க, ஒவ்வொரு ஷாட்டிலும் கால் நொடி, அரை நொடி என்று கிள்ளுவது பொதுவாகச் செய்யப்படும் தவறு. அப்படிச் செய்தால் எல்லா ஷாட்களும் அவசரமாகத் தோன்றும். ஒரு முழு ஷாட்டை நீக்குவதே நல்லது. தோப்பில் பெண்கள் கொட்டை பொறுக்கும் தூரக் காட்சி நான்கு நொடிக்கு இருந்தது. மரத்தில் பழமும் கொட்டையும் தொங்கும் ஷாட் ஏற்கெனவே தோப்பைச் சொல்லிவிடுகிறது. பொறுக்கும் காட்சி 'முழுப்பருப்பு' என்ற கருத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. அதை நீக்கியதும் வரிசை சரியாக 60 நொடிக்கு வருகிறது.

| எண் | நொடி | படத்தில் தெரிவது | இடம் |
|---|---|---|---|
| 1 | 0–3 | சூடான நெய்யில் பருப்பு விழுகிறது. மிக அண்மை | சமையலறை |
| 2 | 3–7 | கரண்டியில் கருகிய துண்டு, அருகில் வெளிர்நிற முழுப்பருப்பு | சமையலறை |
| 3 | 7–10 | சமைப்பவரின் முகம். அடுப்பை அணைக்கிறார் | சமையலறை |
| 4 | 10–14 | மரத்தில் பழமும் அடியில் கொட்டையும் | தோப்பு |
| 5 | 14–18 | களத்தில் காயும் கொட்டையைக் கை கிளறுகிறது | களம் |
| 6 | 18–22 | அவித்த கொட்டை ஆவியோடு கொட்டப்படுகிறது | பட்டறை |
| 7 | 22–28 | உடைக்கும் கருவியில் ஓடு பிளந்து பருப்பு முழுதாக வருகிறது | பட்டறை |
| 8 | 28–31 | உள்ளங்கையில் தோலோடு ஒரு பருப்பு | பட்டறை |
| 9 | 31–35 | சிறு கத்தியால் தோல் நீக்கப்படுகிறது | பட்டறை |
| 10 | 35–41 | தரம் பிரிப்பு. மேலே உடைந்தது, கீழே முழுசு | பட்டறை |
| 11 | 41–46 | தராசில் 250 கிராம். பாக்கெட் ஒட்டப்படுகிறது | பட்டறை |
| 12 | 46–50 | சிதம்பரம் கீழ வீதிக் கடையில் பாக்கெட் கைமாறுகிறது. பின்னால் கோபுரம் | சிதம்பரம் |
| 13 | 50–55 | நெய்யில் எல்லாப் பருப்பும் ஒரே பொன்னிறம். பாயசத்தில் சேர்கிறது | சமையலறை |
| 14 | 55–60 | பாக்கெட், அருகில் கிண்ணத்தில் பருப்பு. பெயரும் தொடர்பு எண்ணும் | சமையலறை |

ஒரு ஷாட்டின் தொடக்கமும் முடிவும் வேறுவேறாக இருந்தால் அதற்கு இரண்டு கட்டங்கள் வரைய வேண்டும். 7ஆம் ஷாட்டில் முதல் கட்டத்தில் முழுக்கொட்டை கருவியின் கத்திகளுக்கு இடையே இருக்கும்; இரண்டாம் கட்டத்தில் ஓடு பிளந்திருக்கும். இந்த இரண்டாவது கட்டம்தான் எடுக்க வேண்டிய தருணம் எது என்பதைக் கேமராக்காரருக்குச் சொல்கிறது. அது வரையப்படாவிட்டால், கருவியைத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு வருவார்கள். பருப்பு முழுதாக வெளிவரும் அந்தக் கணம் பதிவாகியிருக்காது.

== தொழிலின் வரிசை ==

பொருள் தயாராகும் முறையைக் காட்டும் காணொளியில் சில படிகளை விடலாம். ஆனால் படிகளை வரிசை மாற்றிக் காட்டக் கூடாது. அந்தத் தொழில் தெரிந்தவர் பார்த்தவுடன் தவறைக் கண்டுபிடித்துவிடுவார். எனவே ஸ்டோரிபோர்டு எழுதுபவர் முதலில் கேமரா இல்லாமல் ஒரு முறை பட்டறைக்குச் சென்று, வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துக் குறித்துக்கொள்வது வழக்கம்.

மேலே உள்ள வரிசையில் 7ஆம் ஷாட்டுக்கும் 9ஆம் ஷாட்டுக்கும் இடையே ஒரு படி விடப்பட்டிருக்கிறது. ஓடு உடைத்து எடுத்த பருப்பின் தோல் உடனே உரிந்து வராது. வெப்ப அறையில் பல மணி நேரம் காய்ந்த பிறகே தோல் சுருங்கிப் பருப்பை விட்டுப் பிரியும். காணொளியில் இந்தப் படியைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் படப்பிடிப்பு நாளில் காலையில் உடைத்த பருப்பை வைத்து அடுத்த அரை மணியில் தோல் உரிக்கும் காட்சியை எடுக்க முடியாது. முந்தின நாளே உடைத்துக் காயவைத்த பருப்பு தயாராக இருக்க வேண்டும். 'தேவையான பொருள்கள்' என்ற பகுதியில் 9ஆம் ஷாட்டுக்கு எதிரே இதை எழுதுவது அதற்காகத்தான்.

8ஆம் ஷாட்டுக்கும் இதே காய்ந்த பருப்பைப் பயன்படுத்த வேண்டும். முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். உடைத்தவுடன் எடுத்த பருப்பில் அந்த எண்ணெய் ஒட்டியிருக்கலாம். காட்சி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நடிப்பவரின் வெறும் கையில் அதை வைக்கக் கூடாது. தோல் உரிப்பது, தரம் பிரிப்பது, பாக்கெட்டில் அடைப்பது ஆகிய ஷாட்களில் கையுறையும் தலையுறையும் பட்டறையில் வழக்கமாக அணியப்படுகின்றனவா என்று கேட்டு, அதன்படியே வரைய வேண்டும். ஒரு ஷாட்டில் கையுறையும் அடுத்த ஷாட்டில் வெறும் கையும் இருந்தால் பார்ப்பவருக்கு உணவின் தூய்மையில் ஐயம் எழும்.

== பருவமும் வெளிச்சமும் ==

ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே 'எப்போது எடுக்கலாம்' என்றும் எழுத வேண்டும். முந்திரியில் இது மிக முக்கியம். தமிழ்நாட்டில் மரத்தில் பழம் தொங்குவது ஏறக்குறைய மார்ச் முதல் மே வரைதான். தீபாவளி விற்பனைக்காகச் செப்டம்பரில் காணொளி எடுக்க முடிவு செய்தால் 4ஆம் ஷாட்டை எடுக்கவே முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்தில் வலுவாகப் பெய்வதால், களத்தில் காயவைக்கும் 5ஆம் ஷாட்டும் கைவிட்டுப் போகலாம். இது ஸ்டோரிபோர்டில் முன்பே தெரிந்தால் இரண்டு வழிகள் உண்டு. கோடையிலேயே அந்த ஒரு ஷாட்டை மட்டும் எடுத்து வைக்கலாம். இல்லையென்றால், சேமித்து வைத்த மூட்டையிலிருந்து கை நிறையக் கொட்டையை அள்ளும் ஷாட்டாக அதை மாற்றி வரையலாம்.

வெளிச்சத்தையும் இதேபோல் குறிக்க வேண்டும். சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் கீழ வீதிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கேமரா மேற்கு நோக்கி இருக்கும். காலையில் சூரியன் கேமராவின் முதுகுப் பக்கம் இருப்பதால் கோபுரத்தின் முகத்தில் வெயில் விழும். மாலையில் சூரியன் கோபுரத்தின் பின்னால் போய்விடும். கோபுரம் கருநிழலாகும், கடைக்காரர் முகமும் இருளும். ஆகவே 12ஆம் ஷாட் காலைக்கு உரியது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்திரா தரிசனம் ஆகிய விழா நாள்களில் தேரோடும் வீதிகள் நெரிசலாக இருக்கும் என்பதால் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும். ஆவியைக் காட்டும் 6ஆம் ஷாட்டுக்கு வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். முன்பக்க வெளிச்சத்தில் ஆவி படத்தில் தெரியாது.

== ஒலியும் பேச்சும் ==

பின்னணிக் குரலை நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ நூறு தமிழ்ச் சொற்களே அடங்கும். நெய்யின் சீறல், ஓடு உடையும் ஓசை ஆகியவற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதால் எழுபது, எண்பது சொற்களோடு நிறுத்துவது நல்லது. எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து நேரம் பார்க்க வேண்டும்.

படத்தில் தெரிவதையே குரல் திரும்பச் சொல்லக் கூடாது. 10ஆம் ஷாட்டில் 'இங்கே பெண்கள் பருப்பைத் தரம் பிரிக்கிறார்கள்' என்ற வரி எதையும் சேர்ப்பதில்லை. அதற்குப் பதில், 'உடைஞ்சது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். இந்தப் பாக்கெட்டில் முழுசு மட்டும்தான்' என்று எழுதினால், படத்தில் நடப்பதன் காரணம் விளங்குகிறது. வரியும் ஆறு நொடிக்குள் அடங்குகிறது. 1ஆம் ஷாட்டில் பேச்சே வேண்டாம். நெய் சீறும் ஓசை போதும்.

== வாக்குறுதியும் உண்மையும் ==

கடைசி ஷாட்டில் கிண்ணத்தில் இருக்கும் பருப்பு, பாக்கெட்டில் உள்ள அளவாகவே இருக்க வேண்டும். டபிள்யூ 240 தரத்தில் 250 கிராமுக்கு ஏறத்தாழ 120 முதல் 130 பருப்புகள் வரும். பெரிய கிண்ணம் நிறைய அரைக் கிலோவைக் கொட்டி அருகில் 250 கிராம் பாக்கெட்டை வைத்தால் வாங்குபவர் ஏமாறுவார். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள்மீது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியும். எனவே கட்டத்தின் அருகிலேயே 'கிண்ணத்தில் 250 கிராம் மட்டும்' என்று எழுதி வைக்க வேண்டும்.

பாக்கெட்டின் மேலட்டையும் வரையும் முன்பே இறுதியாகியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் குறி, எடை ஆகியவை இல்லாத மாதிரிப் பாக்கெட்டை வைத்துப் படமெடுத்துவிட்டு, பின்னர் அட்டை மாறினால் 11, 12, 14 ஆகிய மூன்று ஷாட்களையும் மறுபடி எடுக்க நேரிடும்.

== வரைவைச் சோதித்தல் ==

கட்டங்கள் முடிந்ததும் ஒவ்வொன்றையும் கைபேசியில் புகைப்படம் எடுத்து, எடிட்டிங் செயலியில் குறித்த நொடிக்கணக்குப்படி வரிசையாக அடுக்கி, சொந்தக் குரலில் பேச்சைச் சேர்த்து ஓடவிட வேண்டும். இது அனிமேட்டிக் எனப்படும். அட்டவணையில் சரியாகத் தோன்றிய நேரம், ஓடும்போது இழுப்பதாகவோ முந்துவதாகவோ இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

அடுத்து, இதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். முதல் பத்து நொடியில் நிறுத்தி, 'என்ன பிரச்சினை நடந்தது?' என்று கேட்க வேண்டும். 'யாரோ முந்திரி வறுக்கிறார்கள்' என்று மட்டும் பதில் வந்தால் 2ஆம் ஷாட் தோற்றுவிட்டது என்று பொருள். வாணலி முழுவதையும் காட்டியதால் கருகிய துண்டு கண்ணில் படவில்லை. கரண்டியில் ஒரே ஒரு கருகிய துண்டும் ஒரே ஒரு முழுப்பருப்பும் சட்டகத்தை நிரப்புமாறு அந்தக் கட்டத்தைத் திரும்ப வரைய வேண்டும். காகிதத்தில் இதற்கு ஐந்து நிமிடம். படம் எடுத்த பின் என்றால் மறுபடி ஒரு நாள்.

== எடுக்கும் வரிசை ==

படம் ஓடும் வரிசையில் படம் எடுக்கப்படுவதில்லை. ஸ்டோரிபோர்டின் நகலை ஷாட் வாரியாக வெட்டி, இடம் வாரியாகச் சேர்த்தால் எடுக்கும் வரிசை கிடைக்கும். பட்டறையின் ஷாட்கள் ஒரு நாளில் முடியும். மறுநாள் காலை சிதம்பரத்தில் 12ஆம் ஷாட்டை எடுத்துவிட்டு, பிறகு கடலூர் வந்து சமையலறை ஷாட்களை எடுக்கலாம்.

சமையலறையிலும் எண் வரிசையைப் பின்பற்றக் கூடாது. துண்டுகள் கருகினால் நெய் நிறம் மாறிவிடும். எனவே தெளிந்த நெய்யில் பொன்னிறப் பருப்பைக் காட்டும் 13ஆம் ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே 1, 2 ஆகியவற்றை எடுக்க வேண்டும். அதே அடுப்பு, அதே வாணலி, சமைப்பவருக்கு அதே புடவை என்பதையும் கட்டங்களில் குறித்து வைத்தால் தொடர்ச்சி கெடாது.

ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும் கட்டத்தின்மேல் குறியிடுவது வழக்கம். பட்டறையில் திட்டத்தில் இல்லாத நல்ல காட்சி ஏதேனும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சேர்ப்பதற்கு ஈடாக எந்தக் கட்டத்தின் நொடிகளை விடப்போகிறோம் என்பதையும் அங்கேயே தாளில் எழுதிவிட வேண்டும். மொத்தம் 60 நொடியைத் தாண்டக் கூடாது.